கதவு எத்தனை நிமிடம் தாங்கும்?

உயரமான கட்டடங்களில் மாடிப்படிக்குப் போகும் வாசலில் கனத்த கதவு ஒன்று இருக்கும். அதன் ஓரத்தில், கீலுக்குப் பக்கத்தில், சின்னத் தகடு ஒன்றில் ‘120 நிமிடம்’ என்று பொறித்திருப்பார்கள். தப்பிக்கும் வழியில் இருக்கும் கதவுகளுக்கு இந்தியாவின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு கேட்பதும் இதே 120 நிமிடம்தான். தீப்பிடித்தால் இரண்டு மணி நேரத்துக்குக் கவலை இல்லை என்று படிப்பவருக்குத் தோன்றும். ஆனால் அந்த 120 நிமிடமும் ஒரு சோதனை உலையின் கடிகாரத்தில் ஓடியவை. அங்கே என்ன நடந்தது என்று தெரிந்தால்தான் அந்த எண்ணை நம்பலாமா, எவ்வளவு நம்பலாம் என்று சொல்ல முடியும்.

உலையின் முன்பக்கம் ஏறத்தாழ மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர் திறந்தே இருக்கும். சோதிக்க வேண்டிய சுவரையே அந்தத் திறப்பை அடைக்கும் மூடியாக நிறுத்துவார்கள். கதவு என்றால், முதலில் ஒரு சுவரைக் கட்டி, அதில் நிலை, கீல், பூட்டு எல்லாவற்றோடும் கதவை மாட்டி நிறுத்துவார்கள். தளத்துக்கு உலை வேறு மாதிரி: மேலே திறந்த தொட்டி போன்ற உலையின் மீது தளத்தைக் கிடத்தி, அடியிலிருந்து சூடேற்றுவார்கள். கட்டடத்தில் அந்தத் தளம் சுமக்கப்போகும் பாரத்தையும் சோதனை முடியும்வரை அதன்மேல் ஏற்றியே வைத்திருப்பார்கள்.

பர்னர்களைப் பற்றவைத்ததும் கடிகாரம் ஓடத் தொடங்கும். உலைக்குள் வெப்பம் எந்த நிமிடத்தில் எவ்வளவு இருக்க வேண்டும் என்பது முன்பே தீர்மானமானது. ஐந்தாவது நிமிடத்தில் சுமார் 576 டிகிரி செல்சியஸ், அரை மணியில் 842, ஒரு மணியில் 945, இரண்டு மணியில் 1049. ஐஎஸ்ஓ 834 என்ற உலகத் தரம் சொல்லும் வளைவு இது. உலைக்குள் இருக்கும் தெர்மோகப்பிள்களைப் பார்த்து, இந்த வளைவை விட்டு விலகாதபடி பர்னர்களைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருப்பார்கள். எந்த ஊர் உலையில் சோதித்தாலும் முடிவுகளை ஒப்பிட முடிவது இதனால்தான்.

இனிக் கவனமெல்லாம் தீ படாத மறுபக்கத்தில். அங்கே மூன்று கேள்விகளுக்குப் பதில் தேடுகிறார்கள்.

முதல் கேள்வி, பாரம் தாங்குகிறதா என்பது. சுமை ஏந்தும் சுவருக்கும் தளத்துக்கும் இது உண்டு, கதவுக்குக் கிடையாது. தளம் தொய்வதைத் தவறு என்று சோதனை சொல்வதில்லை. எவ்வளவு தொய்யலாம் என்பதற்குத்தான் எல்லை வைத்திருக்கிறது. நீளத்தின் வர்க்கத்தை, கனத்தின் 400 மடங்கால் வகுத்தால் அந்த எல்லை கிடைக்கும். நான்கு மீட்டர் நீளமும் 150 மில்லிமீட்டர் கனமும் உள்ள தளம் 267 மில்லிமீட்டர் வரை, அதாவது அரை முழத்துக்குச் சற்று அதிகமாக, தொய்யலாம். அதைத் தாண்டினால் அந்த நிமிடத்தோடு கணக்கு முடிந்தது.

இரண்டாவது கேள்வி, தீயும் சுடுபுகையும் ஊடுருவி வருகின்றனவா என்பது. இதற்கான கருவி கையளவு பஞ்சுத் துண்டு. ஒரு கம்பிச் சட்டத்தில் பஞ்சை வைத்து, விரிசலோ இடுக்கோ தெரியும் இடத்துக்கு நேராக, மேற்பரப்பிலிருந்து 30 மில்லிமீட்டர் தள்சிப் பிடிப்பார்கள். அரை நிமிடத்துக்குள் பஞ்சு பற்றிக்கொண்டால் தோல்வி. ஓர் இடுக்கில் 25 மில்லிமீட்டர் கம்பி நுழைந்தாலும், 6 மில்லிமீட்டர் கம்பியை நுழைத்து இடுக்கின் வழியே 150 மில்லிமீட்டர் நகர்த்த முடிந்தாலும் தோல்வி. பத்து விநாடிக்கு மேல் நீடிக்கும் சுடர் மறுபக்கத்தில் எழுந்தாலும் அப்படியே.

மூன்றாவது கேள்வி, மறுபக்கம் எவ்வளவு சூடாகிறது என்பது. சோதனை தொடங்கியபோது இருந்த வெப்பத்தைவிடச் சராசரியாக 140 டிகிரிக்கு மேலோ, ஏதாவது ஓர் இடத்தில் 180 டிகிரிக்கு மேலோ ஏறக் கூடாது. அறை வெப்பம் 30 என்றால் 170, 210 என்பவை எல்லைகள். அதற்கு மேல் போனால், சுவரில் சாய்ந்திருக்கும் துணியோ காகிதமோ நெருப்பைத் தொடாமலேயே பற்றிக்கொள்ளும் அபாயம் உண்டு. ஜிப்சம் பலகைச் சுவர்கள் இங்கே நன்றாகத் தாக்குப்பிடிக்கும். ஜிப்சத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு அதற்குள் பிணைந்திருக்கும் நீர். அது ஆவியாகித் தீரும்வரை மறுபக்கம் 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். தீர்ந்ததும் விறுவிறுவென்று ஏறும்.

ஒரு கதவு சோதனையில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 71-வது நிமிடத்தில் மறுபக்கச் சூடு எல்லையைத் தாண்டுகிறது. 94-வது நிமிடத்தில் மேல் மூலையில் பிடித்த பஞ்சு பற்றுகிறது. அதற்குக் கிடைக்கும் சான்று: தீ ஊடுருவாமல் 90 நிமிடம், சூடு தடுப்பதில் 60 நிமிடம். வழக்கமான படிகளுக்கு இறக்கித்தான் தருவார்கள். மிச்ச நிமிடங்கள் கணக்கில் சேராது. ஆக, ‘90 நிமிடக் கதவு’ என்று மட்டும் ஒருவர் சொன்னால் பாதி விஷயத்தை விட்டுவிட்டார். உள்ளே சூடு தடுக்கும் பொருள் இல்லாத இரும்புக் கதவு இரண்டு மணி நேரம் தீயை மறித்து நின்றுவிடலாம். ஆனால் சில நிமிடங்களிலேயே அதன் அருகே போக முடியாதபடி கொதிக்கும்.

பஞ்சு மேல் மூலையில் பற்றியது தற்செயல் இல்லை. சுடுபுகை மேலே சேர்வதால் கதவின் மேல்பகுதியில் உள்ளிருந்து வெளியே அழுத்தம் இருக்கும். அடியிலோ காற்று உள்ளே இழுபடும். தீயைப் பார்க்கும் பக்கம் அதிகமாக விரிவதால் இரும்புக் கதவு அப்பளம் போல வளைகிறது. நடுவில் பூட்டும் கீலும் பிடித்திருக்க, மேல் மூலை நிலையை விட்டு விலகுகிறது. கதவின் விளிம்பில் பதித்த பட்டை சூட்டில் பல மடங்கு உப்பி அந்த இடுக்கை அடைக்க வேண்டும். இடுக்கு மூன்று நான்கு மில்லிமீட்டராக இருந்தால் அடைக்கும். தளத்தில் அவசரமாக மாட்டி, பத்து மில்லிமீட்டர் விட்டுவைத்த இடத்தில் அதே பட்டையால் முடியாது.

லண்டனின் கிரென்ஃபெல் டவரில் 2017 ஜூன் 14 அன்று பற்றிய தீயில் 72 பேர் இறந்தார்கள். விசாரணையின்போது, அங்கிருந்த கண்ணாடி பதித்த வீட்டுக் கதவு ஒன்றை உலையில் நிறுத்தினார்கள். 30 நிமிடம் தாங்க வேண்டிய கதவு சுமார் 15 நிமிடம்தான் தாங்கியது என்று பிரிட்டிஷ் அரசு 2018 மார்ச்சில் அறிவித்தது.

உலைக்கு வெளியே கடிகாரமும் வேறு. ஐஎஸ்ஓ வளைவு ஏறிக்கொண்டே போகும், இறங்காது. நிஜத் தீயோ எரிபொருளையும் காற்றையும் பொறுத்து ஏறி, உச்சம் தொட்டு, அடங்கும். காகிதக் கோப்புகள் கொஞ்சம் கிடக்கும் அறையில் 60 நிமிடக் கதவு தீ அணையும்வரை நிற்கலாம். எண்ணெய் எரியும் இடத்தில் வெப்பம் அரை மணியில் 1100 டிகிரியை எட்டிவிடும் என்பதால், எண்ணெய் ஆலைகளுக்கு வேறு வளைவில் சோதிக்கிறார்கள். தாங்கும் நேரத்தில் ஒரு கதவு இன்னொன்றைவிட மேலா கீழா என்று இந்த எண் சொல்லும். உங்கள் வீட்டுத் தீ எத்தனை மணிக்கு அதை உடைக்கும் என்று சொல்லாது.

அடுக்ககம் வாங்குபவரோ குடியிருப்போர் சங்கமோ தகட்டோடு நின்றுவிடாமல் சோதனை அறிக்கையைக் கேட்கலாம். அதில் பார்க்க வேண்டியவை மூன்று. சோதித்த கதவின் அளவு என்ன? மாட்டியிருப்பது அதைவிடப் பெரியதென்றால் அந்த அறிக்கை பொதுவாக இதற்குச் செல்லாது. எந்தப் பூட்டு, கீல், கண்ணாடியோடு சோதித்தார்கள்? இடையில் எதையாவது மாற்றியிருந்தால் சான்றும் போயிற்று. சூடு தடுக்கும் நிமிடம் தனியாக எழுதியிருக்கிறதா? அந்த இடம் காலியாக இருந்தால், ஊடுருவாமைக்கு மட்டும் சான்று பெற்ற கதவு அது என்று கொள்ளலாம்.