பெரிய கமிஷனே லாபமாகும் கடை

கோவையில் வீட்டிலேயே இட்லிப்பொடியும் பூண்டுத் தொக்கும் செய்து, சொந்த வெப்சைட்டில் விற்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். மாதத்துக்கு 40 ஆர்டர். ஒவ்வொன்றும் 500 ரூபாய். கூரியருக்கு 60 ரூபாய் சேர்த்து வாடிக்கையாளர் 560 ரூபாயை யுபிஐயில் கட்டுகிறார். இந்தப் பணம் வங்கிக்கு வந்து சேருமுன் யார் யார் கைவைக்கிறார்கள்?

முதலில் பேமென்ட் கேட்வே. வாடிக்கையாளரிடம் பணத்தை வாங்கி, பிடித்தம் போக மீதியைக் கடைக்காரரின் கணக்கில் சேர்ப்பது அதன் வேலை. இந்தியாவில் இதற்குப் பரவலாக உள்ள விகிதம் 2 சதவீதம். அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. பொருளின் விலைக்கு மட்டுமல்ல, கூரியர் காசு உட்பட 560 ரூபாய்க்கும் இது கணக்காகிறது. ஆக 11.20 ரூபாய் கட்டணம், 2.02 வரி, மொத்தம் 13.22.

யுபிஐக்குத்தான் கட்டணமே இல்லையே என்று கேட்கலாம். 2020 ஜனவரியிலிருந்து யுபிஐக்கு வங்கிகள் வணிகரிடம் வாங்கும் எம்டிஆர் கிடையாது என்பது உண்மைதான். ஆனால் கேட்வே நிறுவனம் தன் சேவைக்கென வாங்கும் கட்டணம் வேறு. கடையில் ஒட்டிய க்யூஆர் அட்டையில் இலவசமாக வரும் அதே யுபிஐ பணம், வெப்சைட்டின் செக்அவுட் வழியாக வந்தால் 13 ரூபாய் குறைந்து வருவது இதனால்தான்.

இரண்டாவது ஆள், கடையைக் கட்டிக்கொடுக்கும் வெப்சைட் பில்டர். மாத வாடகை போக, ஒவ்வொரு விற்பனையிலும் கமிஷன் வாங்கும் பில்டர்கள் உண்டு. ஷாப்பிஃபையின் பேசிக் திட்டத்தில், வெளி கேட்வேயைப் பயன்படுத்தினால் 2 சதவீதம். அதன் சொந்த பேமென்ட் சேவையைப் பயன்படுத்துவோருக்கு இது தள்ளுபடி. அந்தச் சேவை இந்தியாவில் இல்லாததால், இங்குள்ள கடைக்காரருக்குத் தள்ளுபடிக்கு வழியில்லை. 560 ரூபாய்க்கு இன்னொரு 11.20 போகிறது.

இந்தக் கமிஷன் பலர் கண்ணில் படுவதே இல்லை. கேட்வே தன் பங்கை எடுத்துக்கொண்டுதான் பணத்தை அனுப்புகிறது. அதன் செட்டில்மென்ட் அறிக்கையில் அது தெரியும். பில்டரின் கமிஷனோ மாத பில்லில் சேர்ந்து, தனியாகக் கார்டில் பிடிக்கப்படுகிறது. வங்கிக்கு வந்த தொகையை மட்டும் பார்ப்பவர் 2 சதவீதம்தான் செலவு என்றே நினைத்துக்கொண்டிருப்பார்.

இப்போது மாதக் கணக்கு. கேட்வேக்கு 529 ரூபாய். வாடிக்கையாளர்கள் கட்டிய 22,400க்கு 2 சதவீதக் கமிஷன் 448. இத்துடன் பில்டரின் வாடகை 2,000 என்று வைத்தால், மொத்தம் 2,977. பொடி, தொக்கு விற்ற 20,000 ரூபாயில் கிட்டத்தட்ட 15 சதவீதம் இது. நூற்றுக்கு 25 ரூபாய் லாபம் என்றால் கையில் நிற்க வேண்டியது 5,000. அதில் பாதிக்கு மேல் போய்விட்டது. பெரிய துண்டு எது என்று பாருங்கள். கேட்வேயும் கமிஷனும் சேர்ந்தே ஆயிரத்தைத் தொடவில்லை, வாடகைதான் இரண்டாயிரம்.

அதனால் கமிஷன் குறைவு என்று விளம்பரம் செய்யும் திட்டம் சின்னக் கடைக்கு எப்போதும் மலிவாக இருக்காது. மாதம் 400 ரூபாய் வாடகையும் 5 சதவீதக் கமிஷனும் உள்ள ஒரு திட்டம் கிடைக்கிறது என்போம். முதலில் கேட்கும்போது 5 சதவீதம் கொள்ளையாகத் தோன்றும். கணக்குப் போட்டால், கமிஷன் 1,120, வாடகை 400, ஆக 1,520. மேலே பார்த்த 2 சதவீதத் திட்டத்துக்கு வாடகையும் கமிஷனும் சேர்ந்து 2,448 ஆகிறது. அதிகக் கமிஷன் திட்டத்தில் மாதம் 928 ரூபாய் மிச்சம்!

எந்த இடத்தில் இது தலைகீழாகும்? இரண்டு வாடகைக்கும் உள்ள வித்தியாசத்தை, இரண்டு கமிஷனுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுக்க வேண்டும். இங்கே 1,600ஐ 3 சதவீதத்தால் வகுத்தால் சுமார் 53,300 ரூபாய். மாத வசூல் அதற்குக் கீழே இருக்கும்வரை 5 சதவீதத் திட்டமே லாபம். தாண்டினால் 2 சதவீதத்துக்கு மாறலாம். கேட்வே கட்டணம் இரண்டிலும் ஒன்றே என்பதால் இந்தக் கணக்கில் அதைச் சேர்க்கத் தேவையில்லை.

கமிஷனே இல்லாத வழியும் உண்டு. வூகாமர்ஸ் விற்பனையில் பங்கு கேட்பதில்லை. ஹோஸ்டிங்குக்கு மாதம் 400 ரூபாய் என்றால், கேட்வேயோடு சேர்த்துச் செலவு 929தான். ஆனால் அப்டேட் போட்டபின் செக்அவுட் பக்கம் திறக்காவிட்டால் சரிசெய்வது கடைக்காரரின் பொறுப்பு. ஆள் வைத்தால் அந்தக் கூலி மிச்சத்தை விழுங்கிவிடும். வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்து, கேட்வே தரும் பேமென்ட் லிங்க்கை அனுப்பினால் 529 மட்டும். 40 ஆர்டருக்கு இது சமாளிக்கக்கூடிய வேலை.

எந்தத் திட்டமானாலும், பொருள் திரும்பி வருவதைக் கணக்கில் வைக்க வேண்டும். வாடிக்கையாளருக்கு 560 ரூபாயை முழுதாகத் திருப்பிக் கொடுத்தாலும், ஏற்கெனவே பிடித்த 13.22ஐ கேட்வேக்கள் பொதுவாகத் திருப்பித் தருவதில்லை. பில்டர் தன் கமிஷனைத் திருப்புமா என்பதை விதிமுறைகளில் பார்த்துவிட்டே கையெழுத்திட வேண்டும்.