சொல்லி அனுப்புகிறோம் என்றால் சொல்ல வேண்டும்

நேர்காணல் முடிந்து எழும்போது "சரிங்க, சொல்லி அனுப்புறோம்" என்பார்கள். தேர்வானவருக்குச் சொல்லி அனுப்புகிறார்கள். தேர்வாகாதவருக்குப் பெரும்பாலும் யாரும் எதுவும் சொல்வதில்லை. அவர் இரண்டு வாரம் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார். வீட்டில் "என்னாச்சு?" என்று கேட்பவர்களுக்கு ஏதோ ஒரு பதில் சொல்லிச் சமாளிப்பார். பிறகு அவராகவே புரிந்துகொள்வார்.

இதைத் திமிர் என்று சொல்லிவிடுவது எளிது. சில இடங்களில் திமிர்தான். ஆனால் பல அலுவலகங்களில் காரணம் வேறு. ஒருவருக்கு வேலை உறுதி என்று கடிதம் கொடுத்தால் அவர் மறுநாளே வந்து உட்கார்ந்துவிடுவதில்லை. பழைய இடத்தில் ஒரு மாதமோ, ஐ.டி. கம்பெனி என்றால் மூன்று மாதமோ நோட்டீஸ் காலம் இருக்கும். அதற்குள் பழைய முதலாளி சம்பளத்தைக் கூட்டிக் கொடுத்து நிறுத்திக்கொள்வார். அல்லது இந்தக் கடிதத்தைக் காட்டி அவர் இன்னொரு இடத்தில் கூடுதலாக வாங்கிக்கொள்வார். சேர வேண்டிய நாளில் போன் அணைந்திருக்கும். ஒருமுறை இப்படிச் சூடுபட்ட மனிதவள அதிகாரி, இரண்டாவதாக வந்தவருக்கு "இல்லை" என்று சொல்லவே மாட்டார். முதலாமவர் வராவிட்டால் கூப்பிட ஆள் வேண்டுமே! கை காவலுக்கு ஒருவரை வைத்துக்கொள்வதற்காகத்தான் இந்த மௌனம்.

இதற்குப் பொய் சொல்லாத வழி ஒன்று இருக்கிறது. உள்ளதைச் சொல்லிவிடுவதுதான். "இந்த இடத்துக்கு இன்னொருவரைத் தேர்வு செய்திருக்கிறோம். அவர் சேராவிட்டால் உங்களைக் கூப்பிடலாமா? எங்களுக்காக நீங்கள் வேறு வாய்ப்பைத் தள்ளிப்போட வேண்டாம்." இதைக் கேட்டவர் யாரும் போனைப் போட்டு உடைத்ததில்லை. மூன்று மாதம் மௌனமாக இருந்துவிட்டுத் திடீரென்று "வர்றீங்களா?" என்று கேட்கும் கம்பெனிக்குப் போவதைவிட, இப்படிச் சொன்ன கம்பெனிக்கு இரண்டாவது அழைப்பில் போவது மனதுக்கு எளிது.

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். கோவையில் பம்ப்செட் செய்யும் நடுத்தரக் கம்பெனி ஒன்றுக்குக் கணக்குப் பிரிவில் ஆள் தேவை. வந்தவர்களில் நான்கு பேரை நேரில் அழைக்கிறார்கள். அதில் ஒரு பெண், ஆடிட்டர் அலுவலகத்தில் ஐந்து வருடம் வேலை பார்த்தவர். டாலியில் கை வேகம். கேள்விகளுக்குத் தடுமாறாத பதில். கடைசியில் நால்வருக்கும் ஒரே பயிற்சியைக் கொடுக்கிறார்கள். ஒரு மாதத்துக் கொள்முதல் பில்களும், ஜி.எஸ்.டி. தளம் மாதந்தோறும் 14-ஆம் தேதி காட்டும் 2பி அறிக்கையும் மேஜையில் இருக்கின்றன. இரண்டையும் ஒப்பிட்டு, அந்த மாதம் எவ்வளவு வரிக் கழிவு எடுக்கலாம் என்று சொல்ல வேண்டும்.

பில்களில் ஒன்று, காஸ்டிங் சப்ளை செய்பவருடையது. சரக்கின் மதிப்பு ஒரு லட்சம், வரி 18,000 ரூபாய். அவர் தன் விற்பனைக் கணக்கைத் தளத்தில் ஏற்றவில்லை; அதனால் 2பி-யில் அந்த பில் இல்லை. 2022 ஜனவரி முதல் 2பி-யில் வராத பில்லுக்குக் கழிவு எடுக்க முடியாது. அந்த 18,000-ஐ நிறுத்திவைத்து, சப்ளையரைக் கூப்பிட்டு ஏற்றச் சொல்லி, வந்த பிறகு எடுக்க வேண்டும். இந்தப் பெண் பில் கையில் இருக்கிறதே என்று கழிவில் சேர்த்துவிட்டார். இன்னொருவர் அதைத் தனியாக எடுத்துவைத்தார். வேலை அவருக்குப் போனது.

இப்போது இந்தப் பெண்ணுக்குச் சொல்ல வேண்டும். எப்போது, எப்படி?

முடிவு எடுத்த இரண்டு மூன்று நாளுக்குள் சொல்வது நல்லது. நேரில் வந்து ஒரு நாள் லீவு போட்டு உட்கார்ந்தவர் என்பதால் போனில் சொல்லிவிட்டு மெயிலும் அனுப்ப வேண்டும். விண்ணப்பம் மட்டும் போட்டவர்களுக்கு இரண்டு வரி மெயில் போதும். போன் செய்வது மாலை ஆறு மணிக்கு மேல். பகலில் கூப்பிட்டால் பழைய முதலாளிக்கு அடுத்த மேஜையில் நின்றுகொண்டு "ஆங்... சரிங்க... சரிங்க..." என்று கேட்டுக்கொள்ள வேண்டிய நிலை அவருக்கு.

நம் ஊரில் தேர்வான சேதி மட்டுமே போனில் வரும். அதனால் கம்பெனிப் பெயரைக் கேட்டதும் அவர் மனம் எழுந்து நின்றுவிடும். அங்கே நின்றுகொண்டு சாப்பாடு, மழை, ஊர்ப்பக்கம் என்று நலம் விசாரிப்பதுதான் கொடுமை. பெயரைச் சொல்லி, பேச நேரம் இருக்கிறதா என்று கேட்டு, மூன்றாவது வாக்கியத்தில் முடிவைச் சொல்லிவிட வேண்டும்.

மெயில் இப்படி இருக்கலாம்:

"வணக்கம். கணக்குப் பிரிவு வேலைக்காக எங்கள் அலுவலகம் வந்து இரண்டு மணி நேரம் செலவிட்டதற்கு நன்றி. இந்த இடத்துக்கு வேறொருவரைத் தேர்வு செய்திருக்கிறோம். உங்களைத் தேர்வு செய்ய இயலவில்லை. உங்கள் டாலி அனுபவமும் பதில்களில் இருந்த தெளிவும் எங்களுக்குப் பிடித்திருந்தன. முடிவுக்கான காரணத்தைத் தெரிந்துகொள்ள விரும்பினால், உங்களை நேர்காணல் செய்த எங்கள் கணக்கு மேலாளர் பத்து நிமிடம் போனில் பேசுவார். அடுத்த வெள்ளிக்குள் உங்களுக்கு வசதியான நேரத்தை இந்த மெயிலுக்கே பதிலாக அனுப்புங்கள். வேண்டாம் என்றாலும் சரியே."

இதில் இல்லாதவற்றையும் கவனியுங்கள். "உங்கள் பயோடேட்டாவைப் பத்திரமாக வைத்திருக்கிறோம், வாய்ப்பு வரும்போது அழைப்போம்" என்ற வரி இல்லை. வைத்திருக்கும் பழக்கம் உண்மையிலேயே இருந்தால் எழுதலாம். இல்லாவிட்டால் அது இன்னொரு "சொல்லி அனுப்புறோம்". தகுதியான பலர் வந்ததாகவும் முடிவு மிகக் கடினமாக இருந்ததாகவும் சொல்லும் வரியும் இல்லை. நால்வரில் ஒருவர் பயிற்சியைச் சரியாகச் செய்தார், எடுத்தார்கள். அதில் என்ன கடினம்?

காரணத்தை ஏன் மெயிலிலேயே எழுதவில்லை? எல்லோரும் அன்றைக்கே காரணம் கேட்கும் நிலையில் இருக்க மாட்டார்கள். சிலருக்கு வேண்டவே வேண்டாம். கேட்காதவரிடம் குறை சொல்வது, நல்ல எண்ணத்தில் சொன்னாலும், அடிமேல் அடிதான். கேட்டு வருபவர் காதைத் திறந்து வைத்துக்கொண்டு வருவார்.

நம் உதாரணத்தில் அந்தப் பெண் கேட்கிறார். பேசுபவர், பயிற்சியை நேரில் பார்த்த கணக்கு மேலாளர். மனிதவளப் பிரிவில் இருப்பவர் பேசினால் "இன்னும் கொஞ்சம் நாலெட்ஜ் வேணும்னு சொன்னாங்க" என்பதற்கு மேல் சொல்ல முடியாது.

"மேடம், டாலியில நீங்க போட்ட என்ட்ரி எல்லாம் சரியா இருந்ததுங்க. முடிவு மாறினது ஒரே இடத்துல. காஸ்டிங் பில் 2பி-ல வரலை. நீங்க 18,000-ஐயும் கழிவுல சேர்த்துட்டீங்க. எங்களுக்கு மாசம் நூறு பில்லுக்கு மேல வரும், இந்த ஒப்பீடுதான் இங்க முக்கிய வேலை. அதைத் தனியா எடுத்து வெச்சவரை எடுத்தோமுங்க."

"எங்க ஆபீஸ்ல அந்த வேலைய வேற ஒருத்தர் பாப்பாருங்க சார். நான் என்ட்ரியோட நிறுத்திடுவேன்."

"அப்படின்னா மூணு மாசத்து 2பி-யை எடுத்து நீங்களே ஒருதடவை ஒப்பிட்டுப் பாருங்க. அடுத்த இன்டர்வியூல இதைக் கேட்டா தடுமாற மாட்டீங்க."

பத்து நிமிடம்கூட ஆகவில்லை. நன்றாக இருந்தது ஒன்று, முடிவை மாற்றியது ஒன்று, அவ்வளவுதான் சொன்னார். அவர் சொன்னது அந்தப் பெண்ணின் குணத்தைப் பற்றியது அல்ல. அன்று மேஜையில் நடந்ததைப் பற்றியது. அந்தப் பெண் நினைத்தால் ஒரு மாதத்தில் சரிசெய்துகொள்ளக் கூடியதும்கூட. "கம்யூனிகேஷன் பத்தலை", "கான்ஃபிடன்ஸ் கம்மி" என்ற இரண்டையும் இந்தச் சோதனையில் போட்டுப் பாருங்கள். என்ன நடந்தது என்றும் தெரியாது, எதைச் சரிசெய்வது என்றும் தெரியாது.

இப்படிப் பேச, நேர்காணல் நடந்த அன்றே தாளில் குறித்திருக்க வேண்டும். நான்கு பேருக்கும் ஒரே தலைப்புகள், ஒவ்வொன்றின் கீழும் கண்டது என்ன என்று ஒரு வரி. பத்து நாள் கழித்து நினைவிலிருந்து பேசுபவர், எடுக்காத முடிவுக்குப் பொருத்தமாகக் காரணங்களைத் தேடிக்கொள்வார். தாளில் இல்லாததைப் போனில் சொல்லக் கூடாது என்று ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டால் பாதி வம்பு தீர்ந்தது.

மீதி வம்பு, சொல்லவே கூடாத காரணங்களில் இருக்கிறது. "கல்யாணம் ஆகப்போகுதாமே, அப்புறம் வருவீங்களான்னு யோசிச்சோம்" என்று அக்கறைபோலச் சொல்பவர்கள் உண்டு. பெண் என்பதற்காக வேலைக்கு எடுப்பதில் பாகுபாடு காட்டுவதை 1976-ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டமே தடுத்தது. 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பும் தடுக்கிறது. அப்படி ஒரு காரணம் உண்மையிலேயே இருந்தால், மாற்ற வேண்டியது வாக்கியத்தை அல்ல, முடிவை.

இன்னொரு சிக்கல், காரணம் வந்தவரிடம் இல்லாதபோது வருவது. கேட்ட சம்பளத்தைக் கொடுக்க முடியவில்லை. முதலாளி தன் தங்கை மகனைச் சேர்த்துவிட்டார். ஆர்டர் குறைந்து அந்த இடத்தையே நிறுத்திவிட்டார்கள். இதைச் சொல்லக் கூச்சப்பட்டு, "எக்ஸெல் இன்னும் நல்லாத் தெரியணும்" என்று எதையோ சொல்லி வைப்பார்கள். அவர் அதை நம்பிப் பணம் கட்டி எக்ஸெல் வகுப்பில் சேர்ந்துவிடுவார். "உங்களிடம் குறை எதுவும் இல்லை, எங்கள் பட்ஜெட் இவ்வளவுதான்" என்பது இரண்டு வரி. உறவுக்காரரைச் சேர்த்ததைச் சொல்ல முடியாவிட்டால், காரணம் சொல்கிறோம் என்ற வரியை மெயிலிலிருந்து எடுத்துவிடலாம். பொய்க் காரணத்தைவிட மேல்.

வாக்குவாதமும் வரும். "சார், அந்த பில் அடுத்த மாசம் வந்துடும்ல? அதனாலதான் சேர்த்தேன்" என்பார். திரும்ப மார்க் போட உட்காரக் கூடாது. "நீங்க சொல்றது புரியுதுங்க. முடிவு எடுத்தாச்சு, அது மாறாது. காரணம் தெரிஞ்சா உங்களுக்கு உதவுமேன்னு சொன்னேன்" என்று மரியாதையோடு முடித்துவிடலாம்.

கனடாவில் நம் மக்கள் நிறையப் பேர் வாழும் ஒன்டாரியோ மாகாணத்தில், 2026 ஜனவரி 1 முதல் இதில் ஒரு பகுதி சட்டமாகிவிட்டது. 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள், வெளிப்படையாக விளம்பரம் செய்த வேலைக்கு நேர்காணல் செய்தவரிடம், கடைசி நேர்காணல் முடிந்த 45 நாளுக்குள் முடிவு எடுத்தாயிற்றா என்பதைத் தெரிவிக்க வேண்டும். காரணம் சொல்லும்படி அந்தச் சட்டம் கேட்கவில்லை. நமக்கோ அந்த 45 நாள் கெடுவும் இல்லை.

அதனால் வேலை தேடுபவர்களுக்கு ஒரு யோசனை. எழுந்து வருமுன் "எந்தத் தேதிக்குள்ள தெரியுங்க?" என்று கேட்டுவிடுங்கள். அந்தத் தேதி தாண்டி மூன்று நாள் ஆனதும் ஒரு மெயில் போடுங்கள். இல்லை என்று பதில் வந்தால், "என்னை ஏன் எடுக்கலை?" என்று கேட்காதீர்கள், அந்தக் கேள்வி எதிரில் இருப்பவரை வக்கீலாக்கிவிடும். "இந்த வேலைக்கு நான் எந்த ஒரு விஷயத்தைச் சரிசெய்திருக்க வேண்டும்?" என்று கேளுங்கள். பதில் சொல்லும் எண்ணம் கொஞ்சமாவது இருப்பவர் இதற்குச் சொல்வார்.