ரேட்டிங்கை எடுத்து வையுங்கள்!

ஐடி பிளாக் ஆகிவிட்டால் டெலிவரி ஊழியருக்கு ஆப் திறக்காது. வருடக்கணக்கில் சேர்த்த ஸ்டார்களும் ஆர்டர் கணக்கும் அதற்குள்ளேயே போய்விடும். அடுத்த வேலைக்குப் போய் நிற்கும்போது காட்டுவதற்குக் கையில் ஒன்றும் இருக்காது. ஆப் ஓடிக்கொண்டிருக்கும்போதே சுயவிவரத்தை எழுதிவைக்கச் சொல்வது இதனால்தான்.

வேளச்சேரியில் மூன்று வருடம் சாப்பாடு டெலிவரி செய்த ஓர் இளைஞர், மருந்துக்கடையில் டெலிவரி வேலை கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘4.8 ரேட்டிங்’ என்று மட்டும் அவர் எழுதினால் போதாது. எத்தனை பேர் போட்ட ரேட்டிங் என்பதும் வேண்டும். பத்துப் பேர் ஐந்து ஸ்டார் கொடுத்து, கோபத்தில் ஒருவர் ஒரு ஸ்டார் போட்டால் சராசரி 4.64 ஆகிவிடும். அதே ஒற்றை ஸ்டார், 400 பேர் ஐந்து கொடுத்த பிறகு வந்தால் 4.99. எண்ணிக்கை தெரிந்தால்தான் முதலாளி அந்த 4.8-ஐ நம்புவார்.

நம்பகத்தன்மைக்கும் கணக்கு உண்டு. ஏற்ற ஆர்டர் 2,000, கொண்டு சேர்த்தது 1,960 என்றால் 98 சதவீதம். மீதி 40-இல் ஹோட்டல் மூடியிருந்ததாலும் வாடிக்கையாளர் ரத்து செய்ததாலும் போனவை 31, தானே விட்டவை 9 என்று பிரித்து எழுதினால் கேள்விக்கே இடமில்லை.

பாதுகாப்புக்கு, ‘கவனமாக ஓட்டுவேன்’ என்ற வரியால் பயனில்லை. காகிதம் பேச வேண்டும். echallan.parivahan.gov.in தளத்தில் வண்டி விவரங்களைப் போட்டால் சலான் இருக்கிறதா என்று தெரியும். அந்தப் பக்கத்தைத் தேதியோடு சேமிக்கலாம். இன்னொரு சான்று, பலர் கவனிக்காதது: இன்சூரன்ஸ் பாலிசியில் இருக்கும் ‘நோ கிளெய்ம் போனஸ்’. மூன்று வருடம் தொடர்ந்து கிளெய்ம் இல்லையென்றால் அது 35 சதவீதம் ஆகும். ஆனால் மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் எடுத்தவருக்கு இந்த போனஸே கிடையாது. கிளெய்ம் செய்யாமல் கைக்காசில் சரிசெய்த விபத்தும் அதில் தெரியாது. அப்படி ஒன்று நடந்திருந்தால் அதையும் ஒரு வரியில் சொல்லிவிடுவதே நல்லது.

ரேட்டிங் என்பதே ஊழியரை மிரட்டும் சாட்டைதானே, அதைப் பெருமையாகப் போடலாமா என்று கேட்பவர்களும் உண்டு. கேள்வி நியாயமானதுதான். ஆனாலும் வெயிலிலும் மழையிலும் ஓடிச் சேர்த்த பெயர் ஓட்டியவருக்குச் சொந்தம். ஆப் கம்பெனியின் சர்வரோடு அது அழிந்துபோகக் கூடாது.

டெலிவரி தம்பி, தங்கைகளே, மாதம் பிறந்ததும் ரேட்டிங், ஆர்டர் கணக்கு, வருமானம் மூன்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். வாடிக்கையாளரின் பெயர், முகவரி, போன் நம்பரை மறைத்துவிடுங்கள். போன் தொலைந்தாலும் கிடைக்கும்படி உங்கள் சொந்த மெயிலுக்கு அனுப்பிவையுங்கள். ஐடி போன பிறகு கேட்டால் யாரும் தரமாட்டார்கள்.