3 லட்சம் ரூபாய் உதவித்தொகை எத்தனை மாதம் வரும்? டிசம்பரில் உதைக்கும் கணக்கு!

சென்னையில் பட்டப்படிப்பு சேரும் ஒரு மாணவிக்கு, அறக்கட்டளை ஒன்று மூன்று வருடத்துக்கும் சேர்த்து 3 லட்சம் ரூபாயை மொத்தமாக வங்கிக் கணக்கில் போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கல்லூரிக் கட்டணம் வருடத்துக்கு 50,000 ரூபாய். ஜூனில் பாதி, டிசம்பரில் பாதி என இரண்டு தவணையாகக் கட்டலாம். விடுதி, சாப்பாடு, பஸ், போன் ரீசார்ஜ் எல்லாம் சேர்த்து மாதம் 5,000 ரூபாய்.

வீட்டில் எல்லோரும் போடும் கணக்கு இதுதான்: "வருஷத்துக்கு ஒரு லட்சத்துப் பத்தாயிரம் ஆகுது. மூணு லட்சம் கிட்டத்தட்ட 33 மாசத்துக்கு வரும். கடைசி மூணு மாசத்தை எப்படியாவது சமாளிச்சுக்கலாம்."

ஆனால், பணம் 30 மாதத்திலேயே உதைத்துவிடும்.

முதல் காரணம், அந்த 5,000 அப்படியே நிற்காது. பல விடுதிகளில் மெஸ் பில் 'டிவைடிங்' முறையில்தான் வரும். அந்த மாத மளிகை, காய்கறி, காஸ் செலவை மாணவர்களின் எண்ணிக்கையால் வகுத்து ஆளுக்கு இவ்வளவு என்று போடுவார்கள். எண்ணெய் விலை ஏறினால் அடுத்த மாத பில்லிலேயே தெரிந்துவிடும். வருடத்துக்கு 8 சதவிகிதம் ஏறுவதாக எடுத்துக்கொண்டால், இரண்டாம் வருடம் மாதம் 5,400, மூன்றாம் வருடம் சுமார் 5,830.

இப்போது பாஸ்புக்கைப் பார்ப்போம். முதல் வருட முடிவில் மீதி 1,90,000. இரண்டாம் வருட முடிவில் 75,200. மூன்றாம் வருட ஜூனில் 25,000 கட்டணம் போகிறது. நவம்பர் வரை ஆறு மாதச் செலவும் போனால் கையில் 15,220 ரூபாய் நிற்கும். அடுத்து டிசம்பர் தவணை, 25,000!

இரண்டாவது காரணம் இங்கேதான் இருக்கிறது. சராசரிக் கணக்கு கட்டணத்தை மாதா மாதம் சொட்டுச் சொட்டாகப் போவதாக நினைத்துக்கொள்கிறது. கல்லூரி அலுவலகம் அப்படி வாங்காது. கணக்கில் இரண்டரை மாதச் சாப்பாட்டுக்குப் பணம் இருக்கும், ஆனால் தவணை கட்ட முடியாது. பல கல்லூரிகளில் பாக்கி இருந்தால் ஹால் டிக்கெட்டை நிறுத்திவைக்கிறார்கள். அப்பாவின் கணக்கில் தெரியும் பற்றாக்குறை 30,000 ரூபாய். உண்மையான பற்றாக்குறை 44,760.

ஜூனிலேயே 50,000-ஐயும் கட்டிவிட்டால்? தேர்வுக்குத் தடை இருக்காது. ஆனால், அக்டோபர் மெஸ் பில்லுக்கே பணம் இருக்காது. தவணை முறை நெருக்கடியைத் தள்ளித்தான் போடும், குறைக்காது. சில கல்லூரிகள் தவணைக்கென்று கூடுதலாக ஒரு தொகையும் வாங்கும். அதைச் சேரும்போதே கேட்டுவிடுவது நல்லது. கட்டணம் மூன்று வருடமும் மாறாதா என்பதையும் அப்போதே கேட்க வேண்டும். இந்தக் கணக்கில் மாறாது என்றே வைத்திருக்கிறோம்.

தவணை முறையின் லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. பின்னால் தேவைப்படும் பணம் அதுவரை வட்டி ஈட்டலாம். முதல் வருடத்துக்கான 1,10,000-ஐ மட்டும் சேமிப்புக் கணக்கில் விட்டுவிட்டு, இரண்டாம் வருடத்துக்கான 1,14,800-ஐ ஒரு வருட எஃப்.டி-யிலும், மீதி 75,200-ஐ இரண்டு வருட எஃப்.டி-யிலும் போடலாம். 6 சதவிகித வட்டி கிடைத்தால் மொத்தம் சுமார் 16,500 ரூபாய் சேரும். அந்த டிசம்பர் தவணையையும், டிசம்பர் மாதச் செலவையும் இது தாண்டவைத்துவிடும். எல்லாவற்றையும் ஒரே எஃப்.டி-யாகப் போட்டுவிட்டு நடுவில் உடைத்தால் வட்டி குறையும். அதனால்தான் இரண்டாகப் பிரிப்பது.

இன்னும் சுமார் 28,000 ரூபாய் இடிக்கும். மாணவி 6-ம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர் என்றால், தமிழக அரசு 2022 செப்டம்பரில் தொடங்கிய 'புதுமைப் பெண்' திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். மாதம் 1,000 ரூபாய் மாணவியின் கணக்குக்கே வரும். வேறு உதவித்தொகை வாங்குபவர்களுக்கும் இது உண்டு. 30 மாதம் வந்தாலே 30,000 ஆகிவிடும். ஆனால், அதை ரீசார்ஜுக்கும் கேன்டீனுக்கும் விட்டுவிட்டால் மூன்றாம் வருட ஜனவரியில் கை கடிக்கும். தனியாக ஆர்.டி-யில் போட்டுவிடுவது பத்திரம்.

கணக்கு சரியாகப் போகிறதா என்று தெரிந்துகொள்ள மூன்றாம் வருடம் வரை காத்திருக்க வேண்டாம். முதல் வருட மே மாதக் கடைசியில், புதுமைப் பெண் பணத்தையும் வட்டியையும் ஒதுக்கிவிட்டு, எஃப்.டி-யில் போட்ட அசலையும் சேமிப்புக் கணக்கின் மீதியையும் கூட்டிப் பாருங்கள். 1,90,000-க்கு ஐயாயிரம் குறைந்தால், முதல் வருடத்திலேயே மாதம் 400 ரூபாய்க்கு மேல் கூடுதலாகப் போயிருக்கிறது என்று அர்த்தம். அந்தக் கூடுதல் தொடர்ந்தால், படிப்பு முடிவதற்குள் பற்றாக்குறை இன்னும் 10,000-க்கு மேல் ஏறும். மெஸ் பில்லை எடுத்துப் பார்க்க வேண்டிய நேரம் அதுதான்.