சரி என்று தெரிந்தும் மனம் அசையாதபோது

அந்த மனிதருக்கு வயது முப்பதுகளில். நல்ல வேலை, நல்ல குடும்பம். அலுவலகத்தில் இளையவர்கள் அவரைப் பார்த்துத் தொழில் கற்றுக்கொண்டார்கள். நெற்றிக்குப் பின்னால், மூளையைச் சுற்றியுள்ள உறையில் ஒரு சிறிய ஆரஞ்சுப் பழம் அளவுக்குக் கட்டி வளர்ந்தது. புற்றுநோய்க் கட்டி அல்ல. அதை எடுத்தார்கள், அதன் அழுத்தத்தில் கெட்டுப்போயிருந்த மூளைத் திசுவையும் சேர்த்தே எடுக்க வேண்டியிருந்தது. பேச்சு, நினைவாற்றல், கணக்கு எதுவும் குறையவில்லை. ஆனால் காகிதங்களை வகைப்படுத்தி அடுக்கச் சொன்னால், தேதிப்படி அடுக்குவதா, பொருள்படி அடுக்குவதா என்று யோசித்தே ஒரு பிற்பகலைக் கழித்துவிடுவார். வேலை போனது. எல்லோரும் வேண்டாம் என்று சொல்லியும் ஒரு தொழிலில் பணம் போட்டுச் சேமிப்பை இழந்தார். திருமணம் முறிந்தது.

அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் இவரைப் பரிசோதித்த நரம்பியல் மருத்துவர் அந்தோனியோ டமாசியோ, 1994-இல் வந்த ‘டெகார்ட்டின் பிழை’ என்ற நூலில் இவருக்கு ‘எலியட்’ என்று புனைபெயர் கொடுத்து எழுதினார். மருத்துவ நூல்தான். ஆனால் தத்துவவாதிகள் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக மல்லுக்கட்டி வந்த ஒரு கேள்விக்கு எலியட் எதிர்பாராத சாட்சியாக வந்து சேர்ந்தார்.

கேள்வி இதுதான். ஒரு செயல் சரி என்று ஒருவர் மனதார முடிவு செய்துவிட்டால், அதைச் செய்யக் கொஞ்சமாவது உந்துதல் அவருக்குள் பிறந்தே தீர வேண்டுமா? பிறந்தே தீரும், பிறக்கவில்லை என்றால் அவர் உண்மையில் அப்படி முடிவே செய்யவில்லை என்கிறது அகவாதம். தீர்ப்பு வேறு, உந்துதல் வேறு; அக்கறை, பழக்கம், அச்சம், வளர்ப்பு போன்ற ஏதோ ஒன்றுதான் இரண்டையும் இணைக்கிறது என்கிறது புறவாதம். அகவாதி கேட்பது கொஞ்சம் உந்துதலை மட்டுமே. லஞ்சம் தவறு என்று தெரிந்தும் ஆசையில் கைநீட்டுபவர் அவருக்குச் சிக்கல் இல்லை, ஏனெனில் அங்கே உந்துதல் இருந்தது, ஆசையிடம் தோற்றது. “தப்புதான், அதற்கென்ன?” என்று உள்ளே ஒரு சலனமும் இல்லாமல், உண்மையாகவே சொல்லக்கூடிய ஆள் ஒருவர் இருந்தால்தான் அகவாதம் உடையும்.

இதில் இவ்வளவு பிடிவாதம் ஏன் என்று கேட்டால், 1740-இல் வெளிவந்த டேவிட் ஹியூமின் வாதத்துக்குப் போக வேண்டும். அறநெறி மனிதர்களைச் செயலுக்குத் தள்ளுகிறது. வெறும் அறிவு தனியாக யாரையும் எதற்கும் தள்ளாது. ஆகவே அறநெறி அறிவிலிருந்து பிறப்பதில்லை. மழை பெய்கிறது என்று தெரிந்துகொள்வதைப் போன்றதல்ல, கொலை தவறு என்று சொல்வது. இந்த வாதத்தின் முதல் கால் அகவாதம். அது உடைந்தால், அறம் பற்றிய தீர்ப்புகளும் மற்ற நம்பிக்கைகளைப் போல உண்மையாகவோ பொய்யாகவோ இருக்கலாம் என்று சொல்ல வழி திறக்கிறது. டேவிட் பிரிங்க் 1980-களில் இந்தக் காலைத்தான் தட்டினார். அறத்தை முழுக்கப் புரிந்துகொண்டும் அதைப் பொருட்படுத்தாத ஒரு மனிதரை நம்மால் தெளிவாகக் கற்பனை செய்ய முடிகிறதே என்றார். அப்படி ஒருவர் இருக்கவே முடியாது, அவர் ‘தவறு’ என்று சொல்வது ‘மற்றவர்கள் தவறு என்று சொல்வது’ என்ற பொருளில்தான் என்று அகவாதிகள் பதில் சொன்னார்கள். கற்பனையை வைத்துக் கற்பனையை வெல்ல முடியாது அல்லவா?

2003-இல் அடினா ராஸ்கீஸ் கற்பனையை விட்டுவிட்டு எலியட் போன்ற நோயாளிகளைக் கூப்பிட்டார். எலியட்டுக்குக் கோல்பெர்க்கின் அறச்சோதனை தரப்பட்டிருந்தது. மனைவி சாகக் கிடக்கிறாள், மருந்துக் கடைக்காரர் பல மடங்கு விலை சொல்கிறார், கணவன் மருந்தைத் திருடலாமா, ஏன் என்று கேட்கும் சோதனை அது. எலியட்டின் பதில்கள் சராசரி மனிதருக்குக் குறையாதவை. நன்றாகவே நியாயம் பேசினார். இன்னொரு சோதனையில் இதே வகைச் சேதம் கொண்டவர்களின் தோலில் மின்முனை பொருத்தி, மனதை உலுக்கும் படங்களைக் காட்டினார்கள். உணர்ச்சி எழும்போது தோல் லேசாக வியர்க்கும், மின்கடத்தும் திறன் மாறும். திடீர்ச் சத்தத்துக்கு இவர்களின் தோலும் மற்றவர்களுடையதைப் போலவே பதில் சொன்னது. படங்களுக்கோ கோடு அசையாமல் ஓடியது. படங்கள் மனதைப் பாதிக்க வேண்டியவை என்று தெரிகிறது, ஆனால் தனக்கு எதுவும் ஆகவில்லை என்று நோயாளி ஒருவரே சொன்னார்.

தீர்ப்பு இருக்கிறது, உந்துதல் இல்லை. அகவாதம் பொய் என்பது ராஸ்கீஸின் முடிவு.

எனக்கு இந்த வாதத்தின் முதல் பாதியை விட அதன் மேல் எழுந்த மறுப்பு முக்கியமாகப் படுகிறது. ஜீனெட் கென்னட்டும் கார்டிலியா ஃபைனும் ஒரு எளிய விஷயத்தைச் சுட்டிக்காட்டினார்கள். எலியட் நியாயம் சொன்னது யாருக்கு? கதையில் வரும் கணவனுக்கு. அவன் என்ன செய்யலாம் என்று மேசை முன் உட்கார்ந்து சொல்வதும், இந்த இடத்தில், இப்போது, நான் இதைச் செய்ய வேண்டும் என்று முடிவெடுப்பதும் ஒன்றல்ல. அகவாதம் வாக்குக் கொடுத்தது இரண்டாவதைப் பற்றி மட்டுமே. எலியட் தடுமாறியதோ அந்த இரண்டாவதில்தான். அத்தனை வழிகளையும் அடுக்கிவிட்டு, இதற்கப்புறமும் என்ன செய்வதென்று தனக்குத் தெரியாது என்று அவரே சொன்னதாக டமாசியோ எழுதுகிறார். தீர்ப்பு இருந்து உந்துதல் வராமல் போனது என்பதற்குப் பதில், அவரிடம் தீர்ப்பே முழுதாக உருவாகவில்லை என்றும் இதைப் படிக்கலாம்.

தோல் சோதனையிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. படங்களைச் சும்மா பார்க்கச் சொன்னபோதுதான் கோடு அசையவில்லை. படத்தில் இருப்பதை வாய்விட்டு விவரிக்கச் சொன்னபோது அசைந்தது. அதோடு, தோலின் மின்மாற்றம் உடலின் கிளர்ச்சியை அளக்கிறதே தவிர, ஒரு செயலை நோக்கிய விருப்பத்தை அளப்பதில்லை. எலியட்டின் வாழ்க்கைச் சறுக்கல்களிலும் பெரும்பாலானவை பிறருக்குச் செய்த தீங்குகள் அல்ல, தனக்கே இழைத்துக்கொண்ட நட்டங்கள். ‘தவறென்று தெரிந்தும் அலட்டிக்கொள்ளாதவர்’ என்ற வேடத்துக்கு அவர் சரியாகப் பொருந்தவில்லை.

இதற்கு முன்பே, 1994-இலேயே, மைக்கேல் ஸ்மித் அகவாதத்தைக் கொஞ்சம் தளர்த்தியிருந்தார். சரி என்று தீர்மானிப்பவருக்கு உந்துதல் இருக்கும். இல்லாவிட்டால் அவருடைய செயல் சார்ந்த பகுத்தறிவில் கோளாறு இருக்கிறது என்றார். மனச்சோர்வில் படுத்துக் கிடப்பவரையும் எலியட்டையும் இந்தக் கூற்று ஏற்றுக்கொள்கிறது. ஆனால் இதற்கு விலை உண்டு. கோளாறு என்றால் என்ன என்று உந்துதலைக் குறிப்பிடாமல் தனியே விளக்கியாக வேண்டும். இல்லாவிட்டால், ‘உந்துதல் இருக்கும், இல்லாத இடங்களைத் தவிர’ என்று சொன்னதாகத்தான் ஆகும். எலியட் விஷயத்தில் அந்தத் தனி விளக்கம் இருக்கிறது: காகிதம் அடுக்குவதிலும் தொழிலிலும் திருமணத்திலும், அறத்தோடு தொடர்பே இல்லாத இடங்களிலும், அதே முடிவெடுக்கும் திறன் கெட்டிருந்தது. அதனால் அவர் ஸ்மித்தை உடைக்கவில்லை என்பதே என் கணிப்பு.

ஆனால் ஹியூமுக்கு இது போதாது. அவருடைய வாதத்துக்கு விதிவிலக்கில்லாத பிணைப்பு வேண்டும். கோளாறு இல்லாதவரிடம் மட்டும் நிற்கும் பிணைப்பு அந்தச் சுமையைத் தாங்காது. அதை முற்றிலும் உடைக்க வேறு மாதிரியான ஒருவர் வேண்டும்: சொந்தக் காரியங்களில் கூர்மையாக முடிவெடுத்து, எடுத்ததைச் செய்து முடித்து, ‘இதை நான் செய்யக் கூடாது’ என்பதைத் தன்னைப் பற்றியே, செய்யப்போகும் கணத்தில் தீர்மானித்து, அப்போதும் உள்ளே எந்த இழுப்பும் இல்லாதவர். அயோவாவின் சோதனைகள் அப்படி ஒருவரைத் தேடி வடிவமைக்கப்பட்டவை அல்ல.