கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பானில் மட்டும் பிரஷர் மீட்டர் ஏன் இல்லை? பதில் சொல்லும் ஒரு வரைபடம்

ஆபீஸ், மால், ஏடிஎம் என எங்கே போனாலும் சுவரில் சிவப்பு நிற தீயணைப்பான் சிலிண்டர் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அடுத்த முறை கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். பவுடர் நிரப்பிய சிலிண்டரில் பச்சை, சிவப்பு கோடு போட்ட சின்ன மீட்டர் இருக்கும். மின்சார பேனல் பக்கத்தில் வைத்திருக்கும், கறுப்புக் கூம்பு மாட்டிய கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரில் அது பெரும்பாலும் இருக்காது.

செலவை மிச்சம் பிடிக்க எடுத்துவிட்டார்களா? இல்லை. மீட்டர் வைத்தாலும், சாதாரண அறை வெப்பத்தில் அது உண்மையைச் சொல்லாது. ஏன் என்று புரிய, வேதியியல் புத்தகத்தில் வரும் ஒரு வரைபடத்தைப் படிக்கத் தெரிந்தால் போதும். அதை நிலை வரைபடம் என்பார்கள். ஆங்கில வழியில் படித்தவர்களுக்கு 'ஃபேஸ் டயகிராம்'.

வரைபடத்தை எப்படிப் படிப்பது?

ஒரு தாளில் படுக்கைக் கோடு ஒன்று, நேர்க்கோடு ஒன்று போடுங்கள். படுக்கைக் கோட்டில் இடமிருந்து வலமாக வெப்பநிலை ஏறுகிறது. நேர்க்கோட்டில் கீழிருந்து மேலாக அழுத்தம் ஏறுகிறது. இப்போது இந்தத் தாளின் ஒவ்வொரு புள்ளியும் ஒரு சூழ்நிலை. 'இந்த வெப்பம், இந்த அழுத்தம் இருந்தால் கார்பன் டை ஆக்சைடு எப்படி இருக்கும்?' என்பதற்கான பதில் அந்தப் புள்ளியில் இருக்கிறது.

தாள் மூன்று பகுதிகளாகப் பிரியும். இடது பக்கம் குளிர், அங்கே திடம். கீழேயும் வலது பக்கமும் வாயு. நடுவில், மேல் பக்கமாகத் திரவம். இவற்றைப் பிரிக்கும் கோடுகள்தான் எல்லை. எல்லைக் கோட்டின் மேலேயே நின்றால், இரண்டு பக்க நிலைகளும் ஒன்றாக இருக்க முடியும்.

மூன்று எல்லைகளும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. அதற்குப் பெயர் மும்மைப் புள்ளி. கார்பன் டை ஆக்சைடுக்கு அது மைனஸ் 56.6 டிகிரி செல்சியஸ், 5.2 பார் அழுத்தம். பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம். அப்படியென்றால் 5.2 பார் என்பது நம் காற்றைப் போல ஐந்து மடங்கு.

உலர் பனி ஏன் உருகுவதில்லை?

இந்த 5.2 என்ற எண்ணில்தான் விஷயமே இருக்கிறது. தாளில் 1 பார் உயரத்தில் ஒரு ஸ்கேலைப் படுக்கையாக வையுங்கள். நாம் வாழ்வது அந்த உயரத்தில். ஸ்கேலைப் பிடித்தபடி இடமிருந்து வலமாக வாருங்கள். திடத்தில் தொடங்கி, மைனஸ் 78.5 டிகிரியில் ஒரு எல்லையைத் தாண்டுவீர்கள். தாண்டியவுடன் இருப்பது வாயு. திரவப் பகுதி ஸ்கேலுக்கு மேலே, எட்டாத உயரத்தில் 5.2 பாரில்தான் ஆரம்பிக்கிறது. அதனால் உலர் பனி உருகித் தண்ணியாக ஓடுவதில்லை, நேராக ஆவியாகிவிடுகிறது. இதுதான் பதங்கமாதல்.

(சொல்லைப் பற்றி ஒன்று. இது பாடப்புத்தகத்துக்காகப் புதிதாகச் செய்த சொல் இல்லை. சித்த மருத்துவத்தில் 'பதங்கம்' என்றே ஒரு மருந்து வகை உண்டு. சரக்கைச் சூடாக்கி, எழும் ஆவியை மேல் சட்டியில் படியவைத்து எடுப்பார்கள்.)

தண்ணீருக்கும் இதே மாதிரி வரைபடம் இருக்கிறது. ஆனால் அதன் மும்மைப் புள்ளி வெறும் 0.006 பாரில், நம் ஸ்கேலுக்கு வெகு கீழே கிடக்கிறது. அதனால் ஸ்கேல் திடம், திரவம், வாயு என மூன்றையும் கடக்கிறது. ஐஸ் உருகுவதும் உலர் பனி உருகாததும் இந்த ஒரு வித்தியாசத்தால்தான்.

மேடையில் உலர் பனியிலிருந்து வரும் வெள்ளைப் புகை கார்பன் டை ஆக்சைடு என்று பலர் நினைக்கிறார்கள். அந்த வாயு கண்ணுக்குத் தெரியாது. குளிரில் காற்றின் ஈரம் துளித்துளியாவதுதான் அந்தப் புகை.

2024 மார்ச்சில் குருகிராமில் ஒரு உணவகத்தில், சாப்பிட்டு முடித்தவர்களுக்கு மவுத் ஃப்ரெஷ்னர் என்று உலர் பனியைக் கொடுக்க, அவர்கள் ரத்த வாந்தி எடுத்த செய்தி நினைவிருக்கலாம். மைனஸ் 78.5 டிகிரி குளிர் வாயின் தசையைத் தீ போலவே சுட்டுவிடும். ஒரு கிலோ உலர் பனி முழுதும் ஆவியானால் 500 லிட்டருக்கு மேல் வாயு வரும். அதை பாட்டிலில் போட்டு மூடினால் என்ன ஆகும்? உள்ளே அழுத்தம் ஏறி 5.2 பாரைத் தாண்டும்போது, வெளியே உருகாத பனி உள்ளே உருகத் தொடங்கும். அப்புறமும் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும், பாட்டில் தாங்கும் வரை. விளையாட்டுக்குக் கூட இதைச் செய்து பார்க்காதீர்கள்.

சிலிண்டருக்குள் என்ன இருக்கிறது?

இப்போது தீயணைப்பானுக்கு வருவோம். உள்ளே இருப்பது வெறும் வாயு இல்லை. அழுத்தித் திரவமாக்கி நிரப்பியிருக்கிறார்கள். கீழே திரவம், மேலே கொஞ்சம் வாயு. இரண்டும் சேர்ந்து இருப்பதால் சிலிண்டர் நம் வரைபடத்தில் திரவ-வாயு எல்லைக் கோட்டின் மேலேயே நிற்கிறது. எல்லைக் கோட்டில் நின்றால் வெப்பநிலை எவ்வளவோ, அதற்கு ஒரே ஒரு அழுத்தம்தான். 20 டிகிரியில் அது 57 பார்.

ஒரு கணக்கு போடுவோம். 6.75 லிட்டர் கொள்ளளவு உள்ள சிலிண்டரில் 4.5 கிலோ நிரப்பியிருக்கிறது. 20 டிகிரியில் அதில் சுமார் 5.5 லிட்டர் திரவம், மிச்ச இடத்தில் வாயு. அழுத்தம் 57 பார். வால்வில் கசிவு ஏற்பட்டு, யாருக்கும் தெரியாமல் பாதி போய்விட்டது என்று வையுங்கள். மிச்சம் 2.25 கிலோ. இப்போது திரவம் 1.6 லிட்டர்தான். ஆனால் அழுத்தம்? அதே 57 பார்! வாயு வெளியேறிய இடத்தைத் திரவம் ஆவியாகி நிரப்பிவிட்டது. கடைசிச் சொட்டுத் திரவம் தீரும் வரை மீட்டர் 'எல்லாம் சரி' என்றே காட்டிக்கொண்டிருக்கும்.

வீட்டு சமையல் காஸ் சிலிண்டரும் இப்படித்தான். அதனால்தான் மீதி எவ்வளவு என்று தெரிய அதைத் தூக்கிப் பார்க்கிறோம், ஆட்டிப் பார்க்கிறோம். கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பானுக்கும் சரியான சோதனை எடை போடுவதுதான். காலி எடை சிலிண்டரிலேயே பொறித்திருக்கும். நிரப்பிய வாயுவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தால் மீண்டும் நிரப்ப அனுப்ப வேண்டும். நம் 4.5 கிலோ சிலிண்டருக்கு அது 450 கிராம். உங்கள் ஆபீசில் சோதனைக்கு வருபவர் எடை போடாமல் சீட்டில் தேதி மட்டும் எழுதிவிட்டுப் போனால், அது சோதனையே இல்லை.

தீயின் மேல் அடிக்கும்போது நடப்பதையும் வரைபடத்திலேயே பார்க்கலாம். 57 பாரில் இருந்த திரவம் முனையைத் தாண்டியதும் 1 பாருக்கு இறங்குகிறது. அங்கே திரவத்துக்கு இடமே இல்லை. ஒரு பகுதி வேகமாக ஆவியாகிறது. அதற்குத் தேவையான வெப்பத்தை மிச்சத்திலிருந்தே பிடுங்கிக்கொள்வதால், ஏறக்குறைய கால் பங்கு பனித்தூளாக உறைந்து கொட்டுகிறது. கூம்பு கடுமையாகக் குளிர்ந்துவிடும். கைப்பிடி இல்லாத கூம்பை வெறும் கையால் பிடித்தால் தோல் ஒட்டிக்கொண்டு புண்ணாகும். சின்ன மூடிய அறையில் அடித்தால் உடனே வெளியே வந்துவிடுங்கள், மூச்சு திணறும்.

31 டிகிரியில் கோடு நின்றுவிடுகிறது

அந்த திரவ-வாயு எல்லைக் கோடு மேலே போய்க்கொண்டே இருப்பதில்லை. 31 டிகிரி, 73.8 பார் என்ற இடத்தில் சட்டென்று முடிகிறது. அதுதான் நிலைமாறு புள்ளி. எல்லைக் கோடு இப்படி நடுவழியில் முடிவது வினோதமாகத் தோன்றும். காரணம் எளிது.

சூடேறும்போது திரவம் விரிந்து லேசாகிறது. அதே நேரம் மேலே உள்ள வாயு நெருக்கமாகி கனமாகிறது. 20 டிகிரியில் ஒரு லிட்டர் திரவம் 773 கிராம், ஒரு லிட்டர் வாயு 194 கிராம். 30 டிகிரியில் திரவம் 593, வாயு 345. இரண்டும் நெருங்கிக்கொண்டே வந்து, 31 டிகிரியில் இரண்டும் 467 கிராம் ஆகிவிடுகின்றன. இரண்டுக்கும் வித்தியாசமே இல்லாதபோது நடுவில் எல்லை எதற்கு?

இதைத் தெளிவாகச் சோதித்துக் காட்டியவர் அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில் பேராசிரியராக இருந்த தாமஸ் ஆண்ட்ரூஸ். 1869-ல் அவர் சமர்ப்பித்த ஆய்வில் 30.92 டிகிரி என்று அளந்திருந்தார். இன்றைய அளவுக்கு எவ்வளவு பக்கம் பாருங்கள்! கண்ணாடிக் குழாயில் திரவத்தின் மேல்பரப்பு மங்கி, வளைவு போய், கடைசியில் காணாமலே போவதை அவர் கண்டார். கொதிக்கவும் இல்லை, குமிழி விடவும் இல்லை. அதற்கு மேல் உள்ளே இருப்பது திரவமா, வாயுவா என்ற கேள்விக்கே அர்த்தமில்லை. அந்த நிலையை சூப்பர்கிரிட்டிக்கல் என்கிறார்கள். காபிக் கொட்டையிலிருந்து கஃபீனைப் பிரித்தெடுக்க ஆலைகளில் பயன்படுவது இந்த நிலையில் உள்ள கார்பன் டை ஆக்சைடுதான்.

சென்னை வெயிலில் என்ன ஆகும்?

31 டிகிரி நமக்குப் பெரிய வெயிலே இல்லை. ஏசி இல்லாத சுவிட்ச் ரூமில் தொங்கும் சிலிண்டர், வருடத்தில் பல நாள் அந்தப் புள்ளியைத் தாண்டித்தான் நிற்கிறது.

ஆனால் முழுசாக நிரப்பிய சிலிண்டரில், ஆண்ட்ரூஸ் பார்த்தது போல மேல்பரப்பு மறையாது. நிரப்பும் அளவு லிட்டருக்கு 667 கிராம், அந்த 467-ஐ விட மிக அதிகம். அதனால் 27, 28 டிகிரியிலேயே திரவம் விரிந்து சிலிண்டர் முழுவதையும் அடைத்துவிடும். அப்போது அழுத்தம் சுமார் 68 பார். அதன் பிறகு எல்லைக் கோடு காட்டிய வழி கிடையாது. விரிய இடமில்லாமல் அழுத்தம் கிடுகிடுவென ஏறும். 40 டிகிரியில் 100 பாரைத் தாண்டி, 45 டிகிரியில் 120 பார் பக்கம் வந்துவிடும். 20 டிகிரியில் இருந்ததைப் போல இரண்டு மடங்கு! வெறும் காற்று அடைத்த சிலிண்டர் என்றால் இதே சூட்டுக்குப் பத்தில் ஒரு பங்கு கூட ஏறியிருக்காது.

சிலிண்டரைத் தடித்த சுவருடன் செய்வது இதற்காகத்தான். வால்வில் ஒரு மெல்லிய உலோகத் தகடும் இருக்கும். அழுத்தம் எல்லை மீறினால் சிலிண்டர் வெடிக்கும் முன் அது கிழிந்து வாயுவை வெளியேற்றிவிடும். அப்படி வெளியேறினால் சிலிண்டர் காலி, பார்க்க மட்டும் அப்படியே இருக்கும். அதனால் நேர் வெயில் படும் சுவரிலோ, மூடி நிறுத்திய காரின் டிக்கியிலோ இதை வைக்கக் கூடாது. கோடை முடிந்ததும் ஒருமுறை தராசில் ஏற்றிப் பாருங்கள்.