முடிவைத் தெரிந்துகொண்டே தொடங்கும் மொழி

வேற்றுக்கிரகவாசிகளை மனிதர் முதன்முதலாகச் சந்திக்கும் கதைகளில் பெரும்பாலும் மொழி ஒரு சிக்கலாகவே வருவதில்லை. ஏதோ ஒரு கருவி மொழிபெயர்த்துவிடும். பிறகு சண்டையோ சமாதானமோ தொடங்கும். டெட் சியாங் 1998-இல் எழுதிய 'ஸ்டோரி ஆஃப் யுவர் லைஃப்' என்ற குறுநாவல் அந்தக் குறுக்குவழியில் போகவில்லை. வந்தவர்கள் சொல்வதை மனிதர்கள் தப்பாகப் புரிந்துகொள்வதுதான் அங்கே கதையே. இதைத் தழுவி டெனி வில்நெவ் இயக்கிய 'அரைவல்' திரைப்படம் 2016-இல் வந்தது. இரண்டையும் இனிமேல்தான் படிக்க, பார்க்கப்போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: இந்தக் கட்டுரை முடிச்சை அவிழ்த்துவிடும்.

வந்தவர்களுக்கு ஏழு கால்கள். முன் பின் என்ற பேதமில்லாத உடல். எந்தத் திசையிலும் ஒரேபோல் நகர்வார்கள். அவர்களோடு பேச ராணுவம் அழைத்துவரும் மொழியியலாளர் லூயிஸ் பேங்ஸ். பூமிக்கு ஏன் வந்தீர்கள் என்று உடனே கேட்கச் சொல்கிறார்கள் அதிகாரிகள். அந்த ஒரு கேள்விக்கே எவ்வளவு அடித்தளம் வேண்டும் என்று படத்தில் லூயிஸ் விளக்குகிறார். கேள்வி என்றால் என்ன என்பது முதலில் அவர்களுக்குப் புரிய வேண்டும். 'நீங்கள்' என்பது எதிரில் நிற்பவரையா, வந்திருக்கும் எல்லோரையுமா என்பது தெளிவாக வேண்டும். நோக்கத்தோடு செய்வது, இயல்பூக்கத்தால் செய்வது என்ற வேறுபாடும் தெரிய வேண்டும். அதனால் பெயர், நடத்தல், உண்ணுதல் என்று எளிய சொற்களிலிருந்து தொடங்குகிறார்.

முதல் வியப்பு எழுத்தில் வருகிறது. அவர்களுடைய எழுத்து பேச்சின் பதிவே அல்ல. தனியாக நிற்கும் இன்னொரு மொழி. படத்தில் அது மைக்கறை போன்ற வட்டமாக வரும். குறுநாவலில் ஒரு நுட்பமான இடம் உண்டு. எழுத்து உருவாவதைக் காணொளியில் கோடு கோடாகப் பார்க்கும்போது, முதலில் இழுத்த கோடே பின்னால் வரும் பல வாக்கியக் கூறுகளுக்குள் ஓடுவதை லூயிஸ் கவனிக்கிறார். அப்படியென்றால் முதல் கோட்டைப் போடும்போதே முழு வாக்கியமும் எழுதுபவர் மனதில் இருந்திருக்க வேண்டும். சிக்குக் கோலத்தில் கடைசி வளைவு எங்கே வந்து சேரும் என்பது தெரிந்தால்தானே முதல் வளைவை இழுக்க முடியும்!

இதற்கு இயற்பியலிலிருந்து ஒரு துணையைச் சேர்க்கிறார் சியாங். காற்றிலிருந்து நீருக்குள் நுழையும் ஒளி ஏன் வளைகிறது? ஊடகம் மாறியதால் வேகம் மாறியது, அதனால் வளைந்தது என்பது நமக்குப் பழகிய விளக்கம். 17-ஆம் நூற்றாண்டில் ஃபெர்மா வேறு வகையில் சொன்னார்: இரு புள்ளிகளுக்கிடையே மிகக் குறைந்த நேரம் பிடிக்கும் வழியில் ஒளி செல்கிறது. கணக்கில் இரண்டும் ஒரே விடையைத்தான் தரும். ஆனால் இரண்டாவது விளக்கத்தின்படி பார்த்தால், புறப்படும்போதே சேருமிடம் ஒளிக்குத் தெரிந்திருப்பது போலத் தோன்றும். நமக்கு விநோதமாகப் படும் இந்த விளக்கம்தான் அவர்களுக்கு இயல்பானது. நாம் காரணத்திலிருந்து விளைவுக்குப் போகிறோம். அவர்கள் இரண்டையும் சேர்த்தே காண்கிறார்கள்.

இந்த வேறுபாடு தெரியாதவரை பிழைகள் பெருகுகின்றன. படத்தில் சீனக் குழு மாஜாங் ஆட்டத்தின் வழியாகப் பேசிப் பழக்குகிறது. விளையாட்டையே மொழியாக்கினால் எல்லாப் பேச்சும் எதிரி, வெற்றி, தோல்வி என்றுதான் வரும் என்று லூயிஸ் கவலைப்படுகிறார். பிறகு அவர்களிடமிருந்து 'ஆயுதம் தருகிறோம்' என்று பொருள்படும் எழுத்து வருகிறது. அது கருவி என்ற பொருளாகவும் இருக்கலாம் என்கிறார் லூயிஸ். ஆனால் நாடுகள் ஒன்றோடொன்று பேசுவதை நிறுத்துகின்றன. சில வீரர்கள் கப்பலுக்குள் குண்டு வைக்கிறார்கள். தருவதாகச் சொன்ன பொருள் அந்த மொழியேதான் என்பது கடைசியில்தான் தெரிகிறது. அதைக் கற்றவருக்குக் காலம் முழுவதும் ஒருசேரத் தெரியும்.

மொழி சிந்தனையைச் சற்றே பாதிக்கலாம் என்பதற்கு ஆதாரங்கள் உண்டு. எதிர்காலத்தையே காட்டும் என்பது கதைக்காக நீட்டிய கற்பனை. ஆனால் அந்த நீட்டலை வைத்து சியாங் வாசகரையும் பிழைக்குள் இழுக்கிறார். லூயிஸ் தன் மகளைப் பற்றிச் சொல்லும்போது, நினைவுகூரும் தொனியில் தொடங்கும் வாக்கியம் எதிர்கால வினையில் முடியும். படத்திலோ மகளின் பிறப்பும் மரணமும் தொடக்கத்திலேயே வருகின்றன. முதலில் காட்டியது முதலில் நடந்தது என்று நாமே முடிவுகட்டிக்கொள்கிறோம். உண்மையில் அந்த மகள் இன்னும் பிறக்கவேயில்லை.

அந்நியரின் பேச்சைப் படத்திலுள்ள தளபதிகள் தம் பழக்கத்தால் தவறாகப் படித்தார்கள். நாம் படத்தையே அப்படிப் படித்தோம். தடயம் மறைக்கப்படவில்லை, முதல் காட்சியிலேயே இருந்தது. அதனால்தான் முடிச்சு அவிழும்போது ஏமாற்றப்பட்டோம் என்று தோன்றுவதில்லை. இன்னொரு முறை முதலிலிருந்து பார்க்கத் தோன்றுகிறது.